நியூக்ளியான் வாயுக் கணக்கில் 11 வருகிறது, புத்தகத்தில் 23 இருக்கிறது: சமச்சீர் ஆற்றலின் மறுபாதி எங்கே?

வெண்ணிலா

முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். எடை குறைந்த அணுக்கருக்களில் நியூட்ரான்களும் புரோட்டான்களும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் இருப்பதற்கான காரணத்தை ஃபெர்மி வாயு மாதிரியிலிருந்து வருவிக்கும்படி பயிற்சிக் கணக்கொன்று கொடுத்திருந்தார்கள். வழிமுறை புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் இறுதி எண் புத்தகத்தில் உள்ளதில் பாதியாகத்தான் வருகிறது. மெகா எலக்ட்ரான் வோல்ட் என்பதைக் கீழே மெ.எ.வோ. என்று சுருக்கியிருக்கிறேன்.

நான் செய்தது இதுதான். அணுக்கருவின் ஆரம் 1.2 ஃபெம்டோமீட்டரை நிறை எண்ணின் கனமூலத்தால் பெருக்கிய அளவு என்று வைத்துக்கொண்டேன். அதற்குள் நியூட்ரான்கள் ஒரு வாயுவாகவும் புரோட்டான்கள் இன்னொரு வாயுவாகவும் அடைபட்டிருக்கின்றன. வெப்ப ஆற்றல் இங்கே பொருட்டே இல்லை என்பதால், இரண்டு வாயுக்களிலும் அடிமட்டத்திலிருந்து ஒரு நிலைக்கு இரண்டு துகள் வீதம் இடைவெளி இன்றி நிரம்பியிருக்கும். நியூட்ரான் தன் படிக்கட்டிலும் புரோட்டான் தன் படிக்கட்டிலும் ஏறுவதால் ஒன்றின் இடத்தை மற்றொன்று அடைப்பதில்லை. ஒரு படிக்கட்டிலிருந்து துகள்களை எடுத்து மற்றதில் வைத்தால், இறங்குகிற பக்கத்தில் மிச்சமாகும் ஆற்றலைவிட ஏறுகிற பக்கத்தில் கூடும் ஆற்றல் அதிகம். கீழே N நியூட்ரான் எண்ணிக்கை, Z புரோட்டான் எண்ணிக்கை, A நிறை எண், E_F ஃபெர்மி ஆற்றல்.

```
E = C [N^(5/3) + Z^(5/3)] / A^(2/3)
δ = (N − Z)/A
E ≈ (3/5) E_F A [1 + (5/9) δ² + ...]
ΔE = (E_F/3) (N − Z)²/A
```

ஃபெர்மி ஆற்றல் 33 மெ.எ.வோ. வருகிறது. ஆகவே சமச்சீர் ஆற்றலின், அதாவது (N − Z)²/A என்பதன், குணகம் 11 மெ.எ.வோ. ஆனால் நிறை வாய்பாட்டில் இதே குணகத்துக்கு ஏறத்தாழ 23 என்று போட்டிருக்கிறார்கள். விரிவாக்கத்தில் அடுத்த உறுப்பை விட்டதால் இருக்குமோ என்று அதையும் சேர்த்துப் பார்த்தேன். δ ஆறில் ஒன்றாக இருக்கும்போது அது ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாற்றுகிறது. எங்கே தவறினேன்?

அரை_ஆயுள்

தவறு பெரிதாக ஒன்றும் இருக்காது. முதலில் வாய்பாடு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சில நூல்களில் (N − Z)² என்றும் சிலவற்றில் (A/2 − Z)² என்றும் எழுதுவார்கள். இரண்டாவதில் குணகம் நான்கு மடங்கு ஆகிவிடும். நான் படித்த காலத்தில் இந்த நான்கைத் தொலைத்துவிட்டு ஒரு வினாவின் மதிப்பெண் முழுவதையும் இழந்திருக்கிறேன்.

அது சரியாக இருந்தால், மிச்சம் இருப்பது ஆரம்தான். 1.2 என்பது ஒரு தோராயம். ஃபெர்மி ஆற்றல் ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், ஆரத்தைச் சிறிது குறைத்தாலே எண் வேகமாக ஏறும். நீங்கள் சொன்ன படிக்கட்டு விளக்கம் முழுமையானது. தவிர்ப்பு விதியைத் தவிர வேறு எதுவும் இதற்குத் தேவையில்லை.

வெண்ணிலா

வடிவத்தைச் சரிபார்த்துவிட்டேன், ஐயா. புத்தகத்திலும் (N − Z)² தான் இருக்கிறது. நான்கு மடங்கு வடிவத்தில் அவர்கள் 93 என்று தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். என் விடையை அந்த வடிவத்துக்கு மாற்றினால் 44 வருகிறது. பாதிதான் என்பது இரண்டு வடிவங்களிலும் மாறவில்லை.

ஆரத்தைக் குறைத்தும் பார்த்தேன். 23 வருவதற்கு 1.2 என்பது 0.83 ஆக வேண்டும். அப்படி வைத்தால் ஈயம்-208இன் ஆரம் 7.1 ஃபெம்டோமீட்டரிலிருந்து 4.9 ஆகச் சுருங்குகிறது. இவ்வளவு பெரிய மாற்றத்தை எப்படி நியாயப்படுத்துவது என்று தெரியவில்லை.

கரும்பலகை

நியாயப்படுத்த முடியாது அம்மா, முயலவும் வேண்டாம். அணுக்கருவின் ஆரம் எலக்ட்ரான் சிதறலில் நேரடியாக அளக்கப்பட்டது. 30 விழுக்காடு தள்ளிவைக்க அதில் இடமே இல்லை. அதைவிட முக்கியமானது, ஃபெர்மி உந்தமும் தனியாக அளக்கப்பட்டிருக்கிறது. வேகமான எலக்ட்ரானைக் கொண்டு அணுக்கருவிலிருந்து ஒரு நியூக்ளியானைத் தட்டி வெளியேற்றும்போது, சிதறிய எலக்ட்ரானின் ஆற்றல் ஒரே மதிப்பில் நிற்காமல் ஓர் அகன்ற மேடாக விரிகிறது. உள்ளே நியூக்ளியான்கள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருப்பதால் வரும் விரிவு அது. மேட்டின் அகலத்திலிருந்து ஃபெர்மி உந்தத்தைப் படித்துவிடலாம். 1971இல் வெளியான அளவீட்டில் கார்பனுக்கு 221 மெ.எ.வோ./c கிடைத்தது. கனமான அணுக்கருக்களுக்கு அது 260ஐ ஒட்டி நின்றது. கார்பனின் மதிப்பை ஆற்றலாக மாற்றினால் ஏறத்தாழ 26 மெ.எ.வோ. வரும். அதாவது உங்கள் 33 கூடக் கார்பனுக்குச் சற்றுத் தாராளமானதுதான்.

ஆகவே உங்கள் 11இல் பிழை இல்லை. நீங்கள் எதைக் கணக்கிட்டீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சுவர்களுக்குள் அடைபட்ட, ஒன்றோடொன்று பேசாத துகள்களின் இயக்க ஆற்றலை மட்டும் கணக்கிட்டிருக்கிறீர்கள். அந்தச் சுவரை உண்டாக்கியது நியூக்ளியான்களுக்கு இடையிலான ஈர்ப்பு. நியூட்ரான் அதிகமானால் அந்த ஈர்ப்பும் மாறும் என்பதை வாயு மாதிரி கேட்டுக்கொள்ளவே இல்லை.

அது எவ்வளவு மாறும் என்பதற்குச் சோடிகளை எண்ணிப் பாருங்கள். ஆறு புரோட்டான், ஆறு நியூட்ரான் இருந்தால் நியூட்ரான்–புரோட்டான் சோடிகள் 36. ஐந்தும் ஏழுமாகப் பிரித்தால் 35. நான்கும் எட்டுமாகப் பிரித்தால் 32. இழப்பு முதலில் ஒன்று, பிறகு நான்கு. ஒவ்வொரு தடவையும் இழந்த கலப்புச் சோடிக்குப் பதிலாக அதே எண்ணிக்கையில் ஒரேவகைச் சோடி சேர்கிறது. மொத்தச் சோடிகள் 66 என்பது மாறுவதில்லை.

```
N·Z = [A² − (N − Z)²] / 4
```

கலப்புச் சோடியின் ஈர்ப்பு ஒரேவகைச் சோடியின் ஈர்ப்பைவிடச் சராசரியில் வலுவானதாக இருந்தால், N ≠ Z ஆனவுடன் (N − Z)² என்ற அதே வடிவில் அபராதம் விழும். அணுக்கரு விசை அண்டையிலிருப்பதை மட்டும் தொடுவது என்பதால், எந்த ஒரு சோடியும் அருகருகே இருக்கும் வாய்ப்பு 1/A என்று குறைந்து, வகுத்தலும் வந்துவிடும். உங்கள் வாயு தந்த வடிவமேதான் இது. நிறை வாய்பாட்டைச் சோதனை எண்களுக்குப் பொருத்துகிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்த மொத்தம் மட்டுமே தெரியும். அந்த 23 என்பது அப்படிப்பட்ட மொத்தம்.

கலப்புச் சோடி உண்மையில் வலுவானதுதானா என்று கேட்டால், டியூட்டெரானைப் பாருங்கள். ஒரு நியூட்ரானும் ஒரு புரோட்டானும் 2.2 மெ.எ.வோ. அளவில் பிணைகின்றன. இரண்டு நியூட்ரான்கள் பிணைவதே இல்லை. டியூட்டெரானில் இரண்டின் சுழற்சியும் ஒரே திசையில் இருக்கிறது. இரண்டு நியூட்ரான்கள் அதே இடநிலையில் அப்படி ஒரே திசையில் சுழல முடியாது, தவிர்ப்பு விதி தடுத்துவிடும். அதனால் அரை_ஆயுள் சொன்னது பாதி சரி: தவிர்ப்பு விதிதான் காரணம். ஆனால் அது இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. படிக்கட்டில் மேலே ஏற்றுவது ஒன்று. மிக நல்ல ஈர்ப்பு கிடைக்கும் நிலையை ஒரேவகைச் சோடிகளுக்கு மறுப்பது இன்னொன்று. வாயு மாதிரிக்கு முதலாவது மட்டுமே தெரியும்.

அசோகன்_பெட்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இயற்பியல் படித்தவன் அல்ல. ஒரு மருத்துவமனையின் பெட் ஸ்கேன் பிரிவில் தொழில்நுட்பராக இருக்கிறேன். நாங்கள் நாள்தோறும் கையாளும் ஃபுளூரின்-18இல் ஒன்பது புரோட்டானும் ஒன்பது நியூட்ரானும் இருக்கின்றன. சமமாக இருந்தால் நிலையாக இருக்க வேண்டும் என்றுதானே இங்கே பேசுகிறீர்கள்? அது 110 நிமிடத்தில் பாதியாகிவிடுகிறது. மருந்து வரும் வண்டி போக்குவரத்தில் சிக்கினால், ஊசிக்கு முன் கருவியில் காட்டும் எண் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் இந்த விதி மருத்துவ ஐசோடோப்புகளுக்குப் பொருந்தாதா? செயற்கையாக உண்டாக்கியது என்பதால் இப்படியா?

அரை_ஆயுள்

செயற்கையா இயற்கையா என்பது அணுக்கருவுக்குத் தெரியாது, நண்பரே. ஃபுளூரின்-18 சிதைவதற்குக் காரணம் புரோட்டான்களின் மின் விலக்கல். ஒன்பது புரோட்டான் என்பது அதற்குள் அதிகம்.

கரும்பலகை

அசோகன், உங்கள் கேள்வி இந்த இழைக்கு வெளியே உள்ளதல்ல. சமச்சீர் உறுப்பு சமநிலையை விரும்புகிறது என்பதற்கு, சமமாக உள்ளவை எல்லாம் நிலையானவை என்று பொருள் இல்லை. அது பல அபராதங்களில் ஒன்று. மின் விலக்கல் மட்டுமே காரணமென்றால், பத்துப் புரோட்டான்களும் பத்து நியூட்ரான்களும் கொண்ட நியான்-20 நிலையாக இருக்கக் கூடாது. அது நிலையாகவே இருக்கிறது.

ஃபுளூரின்-18இன் சிக்கல், இரண்டு எண்ணிக்கையும் ஒற்றைப்படை என்பது. சோடி சேராத ஒரு புரோட்டானும் சோடி சேராத ஒரு நியூட்ரானும் மிஞ்சுகின்றன. பக்கத்தில் உள்ள ஆக்சிஜன்-18இல் எட்டும் பத்துமாக எல்லாம் சோடி சேர்ந்துவிடுகிறது. மின் விலக்கலும் சோடி ஆதாயமும் ஒரு பக்கமாகவும், சமச்சீர் ஆற்றல் மறுபக்கமாகவும் இழுக்கின்றன.

இந்த இழுபறி எப்படிக் கைமாறுகிறது என்பதை நான்கு அணுக்கருக்களில் பார்த்துவிடலாம். மூன்று மூன்றாக உள்ள லித்தியம்-6, தன் போட்டியாளரான ஹீலியம்-6ஐவிட 3.5 மெ.எ.வோ. தாழ்ந்திருக்கிறது. ஐந்து ஐந்தாக உள்ள போரான்-10, பெரிலியம்-10ஐவிட 0.56 தாழ்வு. ஏழு ஏழாக உள்ள நைட்ரஜன்-14, கார்பன்-14ஐவிட 0.16 மட்டுமே தாழ்வு. தொல்லியல் ஆய்வாளர்கள் கார்பன்-14ஐக் கொண்டு காலத்தைக் கணிப்பதெல்லாம் இந்த மெல்லிய 0.16இன்மேல்தான் நடக்கிறது. ஒன்பது ஒன்பதாக உள்ள ஃபுளூரின்-18க்கு வரும்போது குறி மாறிவிடுகிறது: அது ஆக்சிஜன்-18ஐவிட 1.66 மெ.எ.வோ. உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் N = Z ஆகவும் ஒற்றைப்படையாகவும் உள்ள நிலையான அணுக்கரு ஒன்றுகூடக் கிடையாது.

இதில் சமச்சீர் அபராதத்தின் பங்கு எப்படித் தேய்கிறது என்பதைக் கவனியுங்கள். போட்டியாளரிடம் (N − Z)² எப்போதும் நான்குதான். ஆனால் அதை A ஆல் வகுக்கிறோம். நிறை எண் 6இல் அது பெரிய தொகை, 18இல் சிறிய தொகை. மின் விலக்கலோ புரோட்டான் கூடக்கூட வளர்கிறது. எடை குறைந்தவற்றில் மட்டும் சமநிலை இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுவதன் கணக்கு அந்த A என்ற வகுத்தியில் இருக்கிறது.

அசோகன்_பெட்

நன்றி ஐயா. சமமாக இருந்தும் தோற்கிறது என்பது இப்போது புரிகிறது. நைட்ரஜனுக்கும் ஃபுளூரினுக்கும் நடுவில்தான் கோடு என்பது எனக்குப் புதிய செய்தி.

வெண்ணிலா

கரும்பலகை ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். 23 என்பது நூற்றுக்கணக்கான அணுக்கருக்களுக்குப் பொருத்திய எண். ஒரே ஒரு எடை குறைந்த நிறை எண்ணை எடுத்து, அளந்த பிணைப்பாற்றலிலிருந்து இந்தக் குணகத்தைப் பிரித்துக் காட்ட முடியுமா? சோடி எண்ணும்போது நீங்கள் பன்னிரண்டை எடுத்ததால், அதையே எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

கரும்பலகை

பன்னிரண்டு மிகப் பொருத்தமானது. போரான்-12இல் ஐந்து புரோட்டான், ஏழு நியூட்ரான். நைட்ரஜன்-12இல் ஏழு புரோட்டான், ஐந்து நியூட்ரான். நடுவில் கார்பன்-12. இரண்டு ஓரங்களும் சில மில்லி விநாடிகளில் கார்பனுக்குச் சிதைந்துவிடுகின்றன: போரானின் அரை ஆயுள் 20 மில்லி விநாடி, நைட்ரஜனுடையது 11. ஆனாலும் அவற்றின் நிறைகள் நுட்பமாக அளக்கப்பட்டுள்ளன.

```
B(B-12) = 79.58 MeV
B(C-12) = 92.16 MeV
B(N-12) = 74.04 MeV
```

இரண்டு ஓரங்களுக்கும் |N − Z| ஒன்றே. ஆனாலும் அவற்றுக்கிடையே ஐந்தரை மெ.எ.வோ. வேறுபாடு இருக்கிறது. அது பெரும்பாலும் மின் விலக்கல். போரானில் ஒரு புரோட்டான் குறைவு, நைட்ரஜனில் ஒன்று கூடுதல். ஆகவே இரண்டின் சராசரியை எடுத்தால் மின் விலக்கல் ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடும். சராசரி 76.81. கார்பன் அதைவிட 15.35 கூடுதலாகப் பிணைந்திருக்கிறது. மின் விலக்கல் Z(Z − 1) ஐப் பொறுத்தது என்பதால் சிறு மிச்சம் நிற்கும், அது ஏறத்தாழ 0.3. அதையும் கழித்தால் 15.0.

இந்த 15.0ஐ அப்படியே 23 ஓடு ஒப்பிட்டுவிடக் கூடாது. மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குவார்கள். கார்பனில் எல்லாம் சோடி சேர்ந்திருக்கிறது, ஓரங்கள் இரண்டிலும் ஒற்றைகள் மிஞ்சுகின்றன. வழக்கமான மதிப்பில், அதாவது 12ஐ A இன் வர்க்கமூலத்தால் வகுத்தால், சோடி உறுப்பு 3.46. கார்பனுக்கு ஆதாயமாக ஒரு தடவையும் ஓரத்துக்கு இழப்பாக ஒரு தடவையும் வருவதால் 6.9. மிச்சம் 8.1 மெ.எ.வோ. சமச்சீர் உறுப்பில் (N − Z)²/A என்பது 4/12. ஆகவே குணகம் 24.3.

உங்கள் வாயு இந்த 8.1இல் எவ்வளவு தருகிறது? 33ஐக் கொண்டு கணக்கிட்டால் 3.7, கார்பனில் அளந்த 26ஐக் கொண்டால் 2.9. பாதிக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் அந்த ஒரேயொரு கலப்புச் சோடி ஒரேவகைச் சோடியாக மாறியதன் விலை.

இன்னொரு செய்தி. கார்பன்-12இன் கிளர்நிலைகளில் 15.11 மெ.எ.வோ. உயரத்தில் ஒன்று இருக்கிறது. போரான்-12, நைட்ரஜன்-12 ஆகியவற்றின் தாழ்நிலைக்கு அதுதான் கார்பனுக்குள் இருக்கும் உடன்பிறப்பு. அதே அமைப்பு, நடுவிலுள்ள புரோட்டான் எண்ணிக்கை. நாம் மின் விலக்கலைக் கழித்துப் பெற்ற 15.0ஐ இயற்கை தானே ஒரு நிலையாக வைத்திருக்கிறது. கார்பன்-12 மூன்று ஆல்ஃபாவாக உடைவதற்கு 7.3 மெ.எ.வோ. போதும். ஆனாலும் அதற்கு இரு மடங்கு உயரத்தில் நிற்கும் இந்த நிலை, பெரும்பாலும் உடையாமல் காமாக் கதிரை உமிழ்ந்துதான் இறங்குகிறது. ஆல்ஃபாக்கள் எல்லாம் சமநிலைக் குடும்பம், இந்த நிலை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

நுண்மன்

கரும்பலகை ஐயாவின் கணக்கு அழகானது. ஆனால் எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு.

முதலாவது, படிக்கட்டுப் படத்தைப் பற்றியது. கார்பன்-12இல் இரண்டு வகையிலும் இரண்டிரண்டு துகள்கள் அடிக்கூட்டில், நான்கு நான்கு அடுத்த கூட்டில். அடுத்த கூட்டில் வகைக்கு ஆறு இடங்கள் உண்டு. ஆகவே ஒரு புரோட்டானை நியூட்ரானாக மாற்றினால் ஏழாவது நியூட்ரானுக்கு அதே கூட்டில் இடம் இருக்கிறது. எளிய கூட்டு மாதிரியில் அதற்கு ஏறும் செலவு பூஜ்யம். சுழற்சியைப் பொறுத்து அந்தக் கூடு இரண்டாகப் பிளவுபடுவதால் மட்டும் சில மெ.எ.வோ. செலவாகும். வெண்ணிலாவின் வாயு மென்மையான ஒரு சராசரியைத் தருகிறது, பன்னிரண்டு துகள்களுக்கு அது நேரடியான உண்மை அல்ல. படிக்கட்டு அப்பட்டமாகத் தெரிய வேண்டுமானால் ஹீலியம்-4ஐப் பாருங்கள். அங்கே அடிக்கூடு இரண்டு வகையிலும் நிரம்பிவிட்டது. மூன்றாவது நியூட்ரான் மேலே போயே ஆக வேண்டும், அதனால் ஹைட்ரஜன்-4 பிணைப்பே இல்லாமல் சிதறிவிடுகிறது.

இரண்டாவது, 24.3 என்பது சோடி உறுப்பை எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எடை குறைந்த அணுக்கருக்களில் N = Z ஆகும்போது ஒரு கூடுதல் பிணைப்பு உண்டு. விக்னர் உறுப்பு என்பார்கள். அதன்படி (N − Z)² உடன் 2|N − Z| ஐயும் சேர்க்க வேண்டும். அப்போது நான்கு எட்டாகிறது. சோடி உறுப்பைத் தொடாமலே 15.0 ÷ (8/12) = 22.5 வந்துவிடும். இதுவும் நல்ல எண்தானே? இரண்டையும் ஒன்றாகப் போட்டால் 12 வரும். அதைப் பார்த்துவிட்டு வாயுவின் 11 சரியாக வந்துவிட்டது என்று யாராவது மகிழ்ந்தால், அது தற்செயல்.

கரும்பலகை

முதல் மறுப்பை ஏற்கிறேன். வாயு தருவது மேடு பள்ளங்களைச் சமன்செய்த கோடு மட்டுமே. ஹீலியம் எடுத்துக்காட்டை நானே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒற்றைப்படை நிறை எண்ணில் சோடி உறுப்பு எல்லோருக்கும் பூஜ்யம். 13ஐ எடுங்கள். கார்பன்-13இல் |N − Z| ஒன்று, போரான்-13இல் மூன்று. போரான்-13இன் உடன்பிறப்பு நிலை கார்பன்-13இலும் 15.11இல்தான் இருக்கிறது (பன்னிரண்டில் பார்த்த எண்ணே வருவது வெறும் ஒற்றுமை). வெறும் இருமடி என்றால் ஒன்றிலிருந்து ஒன்பதுக்கு வேறுபாடு எட்டு, 15.11 × 13/8 = 24.6. சோடி உறுப்பைக் கழித்துப் பன்னிரண்டில் பெற்ற 24.3க்கு மிக அருகில். உங்கள் கூடுதல் உறுப்போடு என்றால் மூன்றிலிருந்து பதினைந்துக்கு வேறுபாடு பன்னிரண்டு, 16.4. பன்னிரண்டில் நீங்கள் பெற்ற 22.5 ஓடு அது ஒத்துப்போகவில்லை.

நுண்மன்

ஒத்துப்போகவில்லை என்பது உண்மை. ஆனால் 12க்கும் 13க்கும் கூடுகள் நிரம்பும் விதம் வேறு. இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு விக்னர் உறுப்பை வெளியேற்ற நான் தயாராக இல்லை. நிறைகளின் வரைபடத்தில் N = Z கோட்டின் மேல் ஒரு கூர்மையான முனை தெரிகிறது. இருமடி வளைவு அப்படியொரு முனையைத் தராது.

வெண்ணிலா

இதற்கிடையில் எடை மிகுந்த பக்கத்திலும் ஒரு சோதனை செய்து பார்த்தேன். மின் விலக்கலையும் சமச்சீர் உறுப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு நிறை எண்ணுக்கு மிகத் தாழ்ந்த Z எது என்று கேட்டால்:

```
Z ≈ (A/2) / [1 + a_c A^(2/3) / (4 a_sym)]
a_c = 0.71 MeV
```

குணகம் 23.3 என்றால் நிறை எண் 12க்கு 5.8, 40க்கு 18.4, 208க்கு 82.1 வருகிறது. கார்பனும் ஈயமும் சரியாக அமர்கின்றன. ஆனால் 40க்குக் கால்சியத்தின் 20ஐ எதிர்பார்த்தேன், ஆர்கானின் 18 வந்தது. வாயுவின் 11ஐ மட்டும் போட்டால் 208க்கு 66 வருகிறது. ஈயம் இருக்க வேண்டிய இடத்தில் டிஸ்புரோசியம் உட்கார்ந்திருக்கும். 12க்கு 5.5, அதாவது போரானா கார்பனா என்றே சொல்ல முடியாது.

கரும்பலகை

40இல் உங்கள் கணக்கு தவறவில்லை. ஆர்கான்-40, கால்சியம்-40ஐவிட உண்மையிலேயே 0.19 மெ.எ.வோ. இலேசானது. கால்சியம் நமக்கு நிலையானதாகத் தெரிவதற்குக் காரணம், நடுவில் பொட்டாசியம்-40 இரண்டையும்விட உயரத்தில் ஒரு மேடாக நிற்பதுதான். ஒரே தாவலில் இரண்டு எலக்ட்ரான்களை விழுங்கினால் மட்டுமே அது ஆர்கானாக முடியும், அப்படி நடந்ததை யாரும் பார்த்ததில்லை. N = Z ஆக உள்ள நிலையான அணுக்கருக்களில் கால்சியம்-40தான் கடைசி. அதுவும் கணக்குப்படி பார்த்தால் மலையின் அடிவாரத்தில் இல்லை.

அரை_ஆயுள்

டிஸ்புரோசியத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆரத்தைக் குறைக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். பாதி இயக்க ஆற்றல், பாதி ஈர்ப்பு என்று இனி எழுதலாமா?

நுண்மன்

அப்படி எழுதுவதில்தான் எனக்குத் தயக்கம். 2008இல் அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் இதே கார்பன்-12ஐ எடுத்துக்கொண்டு, மிக வேகமாக ஓடும் ஒரு புரோட்டானைத் தட்டி வெளியேற்றினார்கள். எதிர்த் திசையில் அதன் கூட்டாளியாக வெளிவந்தது ஏறக்குறைய எப்போதும் நியூட்ரான்தான். புரோட்டான்–புரோட்டான் சோடிகள் நியூட்ரான்–புரோட்டான் சோடிகளில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அளவுதான். எந்த நேரத்திலும் நியூக்ளியான்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இப்படி நெருக்கமான சோடியாக, ஃபெர்மி உந்தத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இதன் விளைவைப் பாருங்கள். வாயு மாதிரியில் சமநிலையில் இயக்க ஆற்றல் மிகக் குறைவு. ஆனால் உண்மையில் சமநிலையில் கலப்புச் சோடிகள் அதிகம், ஆகவே வேகமாக ஓடும் நியூக்ளியான்களும் அதிகம், இயக்க ஆற்றலும் அங்கே உயர்கிறது. நியூட்ரான்களைக் கூட்டினால் அந்த வேகமான சோடிகள் குறைகின்றன. இரண்டும் எதிரெதிரே இழுப்பதால், சமச்சீர் ஆற்றலின் இயக்கப் பங்கு சில கணக்கீடுகளில் பூஜ்யத்துக்கு அருகிலும், எதிர்க்குறியிலும்கூட வந்திருக்கிறது. மொத்தம் மாறாது, ஏனெனில் அது அளந்த நிறை. அதில் எது இயக்கம், எது ஈர்ப்பு என்ற பங்கீடுதான் வாயுக் கணக்கு சொல்வது போல இல்லை.

கரும்பலகை

பங்கீடு மாதிரியைப் பொறுத்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் காரணத்தால் வாயுக் கணக்கைப் பாடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றால் ஏற்க மாட்டேன். அபராதம் ஏன் இருமடியாக வருகிறது, ஏன் A ஆல் வகுபடுகிறது என்பதை ஒரு பக்கத்தில் காட்டும் வேறு கணக்கு எனக்குத் தெரியாது.

நுண்மன்

உங்கள் 36, 35, 32 என்ற சோடி எண்ணிக்கை அதையே அரைப் பக்கத்தில் காட்டிவிட்டதே, ஐயா.

வெண்ணிலா

பயிற்சித் தாளில் 11ஐ அப்படியே விட்டுவிட்டு, அது ஒன்றோடொன்று பேசாத துகள்களுக்கான எண் என்று ஒரு வரியும், அதன் கீழே பன்னிரண்டாம் நிறை எண்ணின் கணக்கையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். சோடி உறுப்பைக் கழித்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன். நிறை எண் 14, 16, 18க்கும் இதே முறையில் ஓரங்களின் சராசரியை எடுத்துப் பார்க்கப் போகிறேன். நுண்மன் சொன்ன கூடுதல் உறுப்பு அவற்றில் தெரிகிறதா என்பதை எண்கள் வந்ததும் இங்கேயே இடுகிறேன்.